மீறல்களை எண்ணினால் போதுமா?

பங்கு, கடன் பத்திரம், அந்நியச் செலாவணி என்று வாங்கி விற்கும் வங்கிகள் தினமும் மாலையில் ஒரு தொகையைக் கணக்கிட்டு வைக்கின்றன. நாளை சந்தை எதிராகப் போனாலும் நஷ்டம் இதைத் தாண்டாது, நூற்றில் 99 நாள் இது பொருந்தும் என்பது அதன் பொருள். வேல்யூ அட் ரிஸ்க், சுருக்கமாக வார், என்று இதற்குப் பெயர். சந்தை அபாயத்துக்காக வங்கி எவ்வளவு மூலதனம் ஒதுக்க வேண்டும் என்பதும் பல காலம் இந்தத் தொகையை வைத்தே தீர்மானிக்கப்பட்டது. தொகையைக் குறைத்துக் காட்டினால் வங்கிக்கு லாபம். அதனால்தான் கணக்கைச் சரிபார்க்கும் வழி ஒன்று தேவைப்பட்டது.

வழி எளிமையானது. நேற்று மாலை வங்கியின் கையில் இருந்த முதலீடுகளை அப்படியே வைத்துக்கொண்டு, இன்றைய விலையில் லாப நஷ்டம் பார்க்க வேண்டும். வார் 10 கோடி ரூபாய், நஷ்டம் 12 கோடி என்றால் அது ஒரு மீறல். இன்று கிடைத்த தரகுக் கட்டணத்தையும் பகலில் நடந்த புது வியாபாரத்தின் லாபத்தையும் இதில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் 12 கோடி நஷ்டம் 9 கோடியாகத் தெரியும், மீறல் மறைந்துவிடும்.

ஒரு வருடத்துக்குச் சுமார் 250 வேலை நாட்கள். நூற்றில் ஒரு நாள் மீறல் என்றால் சராசரியாக இரண்டரை மீறல் வர வேண்டும். ஒரு வங்கிக்கு 5 வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கணக்கு தப்பு என்று சொல்லிவிடலாமா? முடியாது. துல்லியமான கணக்குக்கும், மீறல்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வந்தால், 5 அல்லது அதற்கு மேல் வருவதற்கு ஏறக்குறைய 11 சதவீத வாய்ப்பு உண்டு. ஒன்பது வருடத்தில் ஒரு வருடம் அப்படி அமையலாம். பத்து வந்தால் கதை வேறு. சரியான கணக்குக்கு அப்படி நேரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் மூன்றைக்கூடத் தொடாது.

பாசல் குழு 1996-ல் வகுத்த விதி இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. நான்கு வரை பச்சை. ஐந்திலிருந்து ஒன்பது வரை மஞ்சள். பத்தும் அதற்கு மேலும் சிவப்பு. பச்சையில் இருக்கும் வங்கி வாரின் சராசரியை 3-ஆல் பெருக்கி மூலதனம் வைத்தது. மஞ்சளில் மீறல் கூடக் கூட அந்தப் பெருக்கல் எண்ணும் ஏறியது. சிவப்பில் அது 4.

இந்தச் சோதனைக்கு ஒரு பலவீனம் உண்டு, அதை மறைத்துப் பேசுவது சரியல்ல. உண்மையில் நூற்றுக்கு இரண்டு நாள் தாண்டக்கூடிய, அதாவது சொன்னதைப் போல இரு மடங்கு தவறும் கணக்கு ஒன்று இருக்கிறது என்போம். அதுவும் 44 சதவீத வாய்ப்புடன் பச்சையிலேயே தங்கிவிடும். வெறும் 250 நாளை வைத்துக்கொண்டு நல்லதையும் கெட்டதையும் இதைவிடத் தெளிவாகப் பிரிக்க முடியாது. பச்சை என்றால் குற்றம் நிரூபணமாகவில்லை, அவ்வளவுதான்.

எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது தேதிகள். ஐந்து மீறல்கள் ஜனவரி, ஏப்ரல், ஜூன் என்று சிதறிக் கிடந்தால் துரதிர்ஷ்டம் என்று ஒப்புக்கொள்ளலாம். அதே ஐந்தும் இரண்டு வாரத்துக்குள் வந்திருந்தால் கணக்கே பழுது. சரியான கணக்கில் அடுத்தடுத்த இரு நாட்களில் மீறல் வருவது 40 வருடத்தில் ஒரு வருடம்தான் நேரலாம். அப்படியும் கொத்தாக ஏன் வருகிறது? பல வங்கிகள் கடந்த சில வருட விலை மாற்றங்களைக் கொண்டே நாளைய நஷ்டத்தை மதிப்பிடுகின்றன. அந்த வருடங்கள் அமைதியாக இருந்திருந்தால், சந்தை திடீரெனக் கொந்தளிக்கும்போது புதிதாகச் சேரும் சில நாட்களால் தொகை சட்டென்று உயராது. சின்னத் தொகை அப்படியே நிற்க, பெரிய நஷ்டம் நாள்தோறும் அதைத் தாண்டிப் போகும்.

அமெரிக்க வீட்டுக்கடன் நெருக்கடி வெடித்த 2007-ல் இதுதான் நடந்தது. சுவிட்சர்லாந்தின் யுபிஎஸ் வங்கி அந்த ஆண்டு 29 மீறல்களை அறிவித்தது. எதிர்பார்க்க வேண்டியதோ இரண்டு மூன்று. 29-ஐத் துரதிர்ஷ்டம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எண்ணிக்கை அந்த அளவுக்கு வளர்ந்தபோது பணமும் போய்விட்டிருந்தது. வாரைக் கொஞ்சம் தாண்டிய நஷ்டமும் பத்து மடங்கு தாண்டிய நஷ்டமும் இந்தச் சோதனையில் ஒரே ஒரு மீறல்தான் என்பது அதன் இன்னொரு குறை.

ஆகவே, ஒரு வங்கியின் ஆண்டறிக்கையில் மீறல்களின் எண்ணிக்கையைப் பார்ப்பவர்கள் அதோடு நிற்க வேண்டாம். அவை எந்தெந்த நாட்களில் வந்தன, ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் தாண்டியது என்பதையும் கேளுங்கள்.