கட்டத்தை மீறிய எழுத்து

1911 ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை. அன்றிரவு தங்கள் வீட்டில் தங்கியிருந்தவர்கள் யார் யார் என்பதை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குடும்பத் தலைவர்களே ஒரு பெரிய தாளில் எழுதித் தரவேண்டியிருந்தது. முந்தைய கணக்கெடுப்புகளிலும் வீடுவீடாகத் தாள் கொடுத்தார்கள்தான். ஆனால் கணக்கெடுப்பாளர் அதைப் பார்த்துத் தன் புத்தகத்தில் வரிசையாக எழுதிக்கொள்வார், மூலத் தாள்கள் பிறகு அழிக்கப்பட்டுவிடும். 1911இல் அந்த வழக்கம் கைவிடப்பட்டது. சுரங்கத் தொழிலாளியும் மளிகைக்காரரும் பள்ளி ஆசிரியையும் தம் கைப்பட எழுதிய தாள்கள் அப்படியே பிழைத்தன. இன்று லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் RG 14 என்ற வரிசையில் அவை இருக்கின்றன. 2009 முதல் அவற்றின் படங்களை இணையத்திலும் பார்க்கலாம்.

கணக்கெடுப்பாளரின் கை பழகிய கை. எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும், எப்படிச் சுருக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். வீட்டுக்காரரின் கை அப்படியில்லை. கட்டம் போதாவிட்டால் அடுத்த கட்டத்துக்குள் போகும், வரி முடிந்துவிட்டால் இரண்டு அச்சுக்கோடுகளுக்கு நடுவே புகுந்துகொள்ளும், அங்கும் இடமில்லாவிட்டால் தாளைத் திருப்பி ஓரத்தில் எழுதும். இந்தத் தாள்களைப் படித்துக் கணினியில் ஏற்றுகிறவர்களுக்கு உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது. எழுத்தைப் படிப்பதைவிட, அந்த எழுத்து எந்தக் கட்டத்துக்கு உரியது, யார் எழுதியது என்று தீர்மானிப்பதுதான் கடினம்.

தாளில் 15 பேருக்கு இடம் உண்டு, ஆளுக்கு ஒரு வரி. குறுக்கே 16 பத்திகள். பெயர், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, ஆணானால் ஒரு பத்தியிலும் பெண்ணானால் இன்னொன்றிலும் வயது, திருமண நிலை. அடுத்து மணமான பெண்களிடம் மட்டும் கேட்ட நான்கு கேள்விகள்: மணமாகி எத்தனை ஆண்டு, உயிருடன் பிறந்த குழந்தைகள் எத்தனை, இருப்பவை எத்தனை, இறந்தவை எத்தனை. பிறகு தொழில், அந்தத் தொழில் எந்தத் துறையைச் சேர்ந்தது, முதலாளியா கூலியா, வீட்டிலிருந்தே செய்வதா, பிறந்த ஊர், வெளிநாட்டில் பிறந்திருந்தால் எந்த நாட்டவர், கடைசியாகக் காது கேளாமை, பார்வையின்மை போன்ற குறைபாடு.

ஒரு தாளில் குறைந்தது மூன்று பேருடைய எழுத்து இருக்கலாம். முதலாவது வீட்டுக்காரருடையது. இரண்டாவது, தாளை வாங்க வந்த கணக்கெடுப்பாளருடையது. தவறான இடத்தில் எழுதியதை அவர் அடித்திருப்பார், விடுபட்டதைச் சேர்த்திருப்பார். அடியில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, மொத்தம் எத்தனை என்ற கட்டத்தையும் அவரே நிரப்ப வேண்டும். மூன்றாவது, கணக்கெடுப்பு அலுவலக எழுத்தருடையது. அந்த ஆண்டுதான் அங்கே துளையிட்ட அட்டைகளை எண்ணும் இயந்திரங்கள் முதன்முதலாக வந்தன. அதற்காகத் தொழிலையும் பிறந்த ஊரையும் எண்களாக மாற்றி, வீட்டுக்காரர் எழுதியதன் பக்கத்திலும் மேலேயுமாகவே எழுத்தர்கள் குறித்துவைத்தார்கள். இது தெரியாதவர்கள் அந்த எண்ணை வயது என்றோ வீட்டு எண் என்றோ எடுத்துக்கொண்டுவிடுவார்கள். மையின் நிறம், பேனா முனையின் தடிமன், எழுத்தின் சாய்வு ஆகிய மூன்றையும் பார்த்து, எது யாருடையது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன் ஒரு சொல்லைக்கூடத் தட்டச்சு செய்யாமலிருப்பது நல்லது.

மாதிரிக்கு, லங்காஷயரில் ஒரு சுரங்கத் தொழிலாளி வீட்டுத் தாளைக் கற்பனை செய்துகொள்வோம். இதில் வரும் சிக்கல் ஒவ்வொன்றும் அந்தத் தாள்களில் உண்மையிலேயே காணக்கூடிய வகைதான்.

முதல் வரி கணவருடையது. நிலக்கரி வெட்டுகிறவர், அதுவும் தரைக்குக் கீழே. கீழே வேலையா மேலே வேலையா என்று சுரங்கக்காரர்கள் பொதுவாகக் குறிப்பிட்டுவிடுவார்கள். இவரும் எழுதத் தொடங்கினார். 'நிலக்கரிச் சுரங்கம், வெட்டுபவர், தரைக்குக்' என்பதோடு பத்தாவது பத்தி முடிந்துவிட்டது. 'கீழே' பதினோராவது பத்தியில் போய் விழுந்தது. அதை ஒட்டி, பதினோராவதற்கு உரிய 'சுரங்க நிறுவனம்' என்ற விடை வேறு. கட்டத்தில் இருப்பதை அந்தந்தக் கட்டத்திலேயே போடுவேன் என்று ஒருவர் படியெடுத்தால், கணினியில் இவருடைய துறை 'கீழே சுரங்க நிறுவனம்' என்று பதிவாகும். ஒரு சொற்றொடர் எந்தக் கட்டத்தில் தொடங்குகிறதோ அந்தக் கட்டத்துக்கே முழுமையாக உரியது, எங்கே முடிந்தாலும் சரி. புதிய விடை எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்டுபிடிக்கப் பேனா உதவும். எழுதிக்கொண்டே போனால் சொற்களுக்கு இடையே ஒரே அளவு இடைவெளி இருக்கும், எழுத்து ஒரே நேர்கோட்டில் ஓடும். கையை எடுத்து அடுத்த விடையைத் தொடங்கியிருந்தால் அந்தக் கோடு சற்றே ஏறியோ இறங்கியோ இருக்கும்.

இரண்டாவது வரியில் மனைவி. மணமாகி 14 ஆண்டு, பிறந்தவை 6, இருப்பவை 4, இறந்தவை 2. கூட்டல் சரியாக இருக்கிறது. மூன்று, நான்கு, ஐந்தாம் வரிகளில் மூன்று குழந்தைகள்: ஒரு பெண், இரண்டு ஆண். நான்காம் வரிக்கும் ஐந்தாம் வரிக்கும் நடுவில், அச்சுக்கோட்டின் மேலேயே, பொடி எழுத்தில் 'ஆலிஸ், மகள், 3 மாதம்' என்று ஒரு செருகல். இதை விட்டுவிடுவது மிக எளிது. விடாமல் எழுதுகிறவர்கள்கூட ஐந்தாம் வரியில் ஏற்றிவிட்டு, அங்கே இருந்த பையனின் வயதை ஆலிஸுக்குக் கொடுத்துவிடுவதுண்டு. பிறகு அதற்குக் கீழே உள்ளவர்கள் எல்லாருக்கும் வயது ஒரு வரி தள்ளிப்போகும். ஒரு சின்னச் செருகலைத் தவறாக ஏற்றியதால் முழுக் குடும்பமும் இப்படிக் குலைந்துபோகும்.

இதைக் கண்டுபிடிக்கத் தாளிலேயே வழி இருக்கிறது. மனைவியின் வரியில் இருப்பவை 4 என்கிறது. மூன்று குழந்தைகளைத்தான் ஏற்றியிருக்கிறோம் என்றால் நின்று பார்க்க வேண்டும். ஆனால் இது மட்டும் போதாது, ஏனென்றால் ஒரு பிள்ளை அன்றிரவு பாட்டி வீட்டில் தங்கியிருக்கலாம். கணக்கெடுப்பாளர் அடியில் போட்ட கூட்டல்தான் உறுதியான சான்று. ஆண் 3, பெண் 3, மொத்தம் 6 என்று இருந்தால் ஆலிஸ் அன்றிரவு அந்த வீட்டில்தான் இருந்தாள். அந்த 6 என்ற எண் முதலில் 5 என்று எழுதித் திருத்தப்பட்டிருந்தால் இன்னொரு செய்தியும் கிடைக்கிறது. குழந்தையைச் சேர்க்காமல் தாளைக் கொடுத்திருக்கிறார்கள், கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று விசாரித்தபோதுதான் அவள் சேர்ந்திருக்கிறாள். செருகலின் மை கணக்கெடுப்பாளருடைய மையா என்று பார்த்தால் இது உறுதிப்படும்.

ஆறாம் வரியில் 'வில்லியம், மகன், 2' என்று எழுதி, பெயரோடு சேர்த்து முழு வரியும் ஒரே கோட்டால் அடிக்கப்பட்டிருக்கிறது. தாளின் கீழ் ஓரத்தில் 'எல்லன்' என்று இன்னொரு பெயர். மேலே சொன்ன 'இறந்தவை 2' இவர்கள்தான் என்று நினைக்கத் தோன்றும். இறந்த குழந்தைகளின் பெயரை யாரும் கேட்கவில்லை, எண்ணிக்கையைத்தான் கேட்டார்கள். ஆனாலும் பெயர்களை எழுதிய பெற்றோர்கள் இருந்தார்கள், கணக்கெடுப்பாளர்கள் அவற்றை அடித்தார்கள். அவர்கள் செய்தது விதிப்படி சரிதான், அன்றிரவு வீட்டில் இருந்தவர்களின் கணக்கில் அந்தப் பெயர்கள் வரக்கூடாது. அதனால் அடித்ததை விட்டுவிடலாம் என்று படியெடுப்பவர் எண்ணிவிடக்கூடாது. பிறந்து சில மாதங்களில் இறந்த குழந்தையின் பெயர் வேறு எந்த ஆவணத்திலும் அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து கிடைக்காமல் போகலாம். அடிக்கப்பட்டதை அடிக்கப்பட்டதாகவும் ஓரத்தில் இருப்பதை ஓரத்தில் இருப்பதாகவும் பதிவுசெய்வதே நேர்மை. ஆவண வல்லுநர்கள் பயன்படுத்தும் TEI என்ற குறியீட்டு முறையில் அது இப்படி அமையும்:

```xml
<del hand="#enumerator">William</del>
<add place="margin" hand="#head">Ellen</add>
```

முதல் வரி, வில்லியம் என்ற பெயரைக் கணக்கெடுப்பாளர் அடித்தார் என்கிறது. இரண்டாவது, எல்லன் என்ற பெயரைக் குடும்பத் தலைவர் ஓரத்தில் சேர்த்தார் என்கிறது. குறியீடு தெரியாதவர்கள் இதையே ஒரு தனிக் குறிப்பாகச் சொற்களில் எழுதினாலும் போதும். அதே வேளையில், இந்த இருவரும்தான் அந்த இரண்டு பேர் என்ற முடிவைப் படியெடுப்பவர் தாளின் வாசகத்துக்குள் நுழைக்கக்கூடாது. அது அவருடைய ஊகம், குறிப்பில்தான் அதற்கு இடம்.

மனைவியை இழந்தவர்கள், கணவரை இழந்தவர்கள் தங்களுக்கு இல்லாத அந்த நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதியதும் இதே வகைதான். அவற்றையும் கணக்கெடுப்பாளர்கள் அடித்தார்கள். கோட்டுக்கு அடியில் எண்கள் தெளிவாகவே தெரிகின்றன, வம்சாவளி தேடுகிறவர்களுக்கு அவை மிகப் பெரிய உதவி.

சில தாள்களில் எழுத்து கட்டத்தை மீறியது இடமில்லாததால் அல்ல. அந்த ஆண்டு வாக்குரிமைக்காகப் போராடிய பெண்கள் கணக்கெடுப்பைப் புறக்கணித்தார்கள். வாக்கில்லையேல் கணக்குமில்லை என்று தாளின் குறுக்கே, எல்லாப் பத்திகளையும் கடந்து எழுதினார்கள். குறைபாட்டுக்கான கடைசிப் பத்தியில், வாக்குரிமை இல்லாததையே தங்கள் குறைபாடாக எழுதியவர்களும் உண்டு. அந்தப் பத்தி பிறருடைய உடல்நலத் தகவல் என்பதால் 2012 வரை இணையப் படங்களில் மறைக்கப்பட்டிருந்தது. எமிலி வைல்டிங் டேவிசன் அன்றிரவு நாடாளுமன்றக் கட்டடத்தின் நிலவறைத் தேவாலயத்தில் ஒளிந்திருந்தார். அதைச் சொல்லும் வாசகம் அவருடைய தாளில் இருக்கிறது, முகவரி எழுத வேண்டிய இடத்தில். அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் தாளிலும் அவர் பெயர் உண்டு. ஒரே ஆள் இரண்டு இடத்தில் வருகிறாரே என்று ஒன்றை நீக்குவது படியெடுப்பவரின் வேலையல்ல. இரண்டும் தாளில் இருக்கின்றன, இரண்டும் ஏற வேண்டும்.

போராட்ட வாசகம் எழுதிய தாளை ஏற்றும்போது கணினிப் படிவமே தடையாகிவிடும். பெயர், வயது, தொழில் என்று மட்டும் கட்டங்கள் கொடுத்திருப்பார்கள், குறுக்கே எழுதிய வாக்கியத்துக்குக் கட்டம் இருக்காது. சிலர் தாளை வெற்றுத்தாள் என்று குறித்துவிட்டுப் போவார்கள். சிலர் அந்த வாக்கியத்தைப் பெயர்ப் பத்தியில் போடுவார்கள், தேடும்போது இல்லாத ஆள் ஒருவர் முளைப்பார். இதற்கிடையில் வீட்டுக்குள் எத்தனை பெண்கள் இருக்கலாம் என்று கணக்கெடுப்பாளர் அக்கம்பக்கத்தில் விசாரித்து எழுதிய மதிப்பீடும் அதே தாளில் இருக்கக்கூடும், அதையும் அந்தப் பெண்கள் சொன்னதாகப் பதிந்துவிடும் ஆபத்து உண்டு. ஆகவே தாள்களைப் படியெடுக்கும் திட்டம் எதுவானாலும், முதல் நாளிலேயே மூன்று கட்டங்களைக் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும்: கட்டத்துக்கு வெளியே இருக்கும் வாசகம், அது தாளில் இருக்கும் இடம், எழுதியவர் யார். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ஏற்கெனவே ஏற்றிய ஒவ்வொரு தாளின் படத்தையும் மறுபடி திறந்து ஓரங்களைப் பார்க்க வேண்டியிருக்கும்.