வங்கி கைவிரித்தால் யாரிடம் போவது?

வேறு வங்கியின் ஏடிஎம்மில் 10,000 ரூபாய் எடுக்கப் போகிறீர்கள். எந்திரம் கொஞ்ச நேரம் ஓடுகிறது, பணம் வரவில்லை. ஆனால் கணக்கில் 10,000 ரூபாய் கழிக்கப்பட்டதாக செல்போனுக்குக் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. கிளைக்குப் போனால், "தானா திரும்பி வந்துடும், ஒரு வாரம் பாருங்க" என்கிறார்கள். ஒரு வாரம் கழித்துப் போனால், "எங்க சிஸ்டத்துல பணம் கொடுத்ததாத்தான் காட்டுது" என்கிறார்கள். அதற்கு மேல் அந்தக் கிளையில் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் பலரும் பணத்தை விட்டுவிடுகிறார்கள்.

இப்படிப்பட்ட நேரத்துக்காகத்தான் ஆம்புட்ஸ்மேன் என்ற பதவி இருக்கிறது. இது ஸ்வீடன் நாட்டுச் சொல். ஒருவர் சார்பில் செயல்படும் பிரதிநிதி என்று பொருள். 1809இல் அந்நாட்டு அரசமைப்புச் சட்டம், அதிகாரிகளும் நீதிபதிகளும் சட்டப்படி நடக்கிறார்களா என்று கண்காணிக்க, நாடாளுமன்றமே தேர்ந்தெடுக்கும் ஒருவரை நியமிக்க வழிசெய்தது. பின்னர் பல நாடுகள் அந்த ஏற்பாட்டைச் சொல்லோடு சேர்த்தே எடுத்துக்கொண்டன. தமிழில் குறைதீர்ப்பாளர் என்கிறோம். இந்தியாவில் மின்சாரத்துக்கும் காப்பீட்டுக்கும் தனித்தனி ஆம்புட்ஸ்மேன்கள் உண்டு. வங்கிகளுக்கான ஆம்புட்ஸ்மேன் திட்டத்தை ரிசர்வ் வங்கி 1995இல் கொண்டுவந்தது. வங்கி, நிதி நிறுவனம், டிஜிட்டல் பணப்பரிமாற்றம் என்று தனித்தனியாக இருந்த திட்டங்கள் 2021 நவம்பர் 12 அன்று ஒரே திட்டமாக இணைக்கப்பட்டன.

ஏடிஎம் விஷயத்தில் ஆம்புட்ஸ்மேன் எதை வைத்து முடிவெடுப்பார்? இதற்கு 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி தெளிவான விதி ஒன்றை வெளியிட்டது. பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்திருந்தால், அந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் வங்கி தானாகவே அதைத் திருப்பி வரவு வைக்க வேண்டும். தவறினால், அதன்பின் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். ஜூன் 1ஆம் தேதி பணம் கழிந்தது என்றால் ஜூன் 6க்குள் திரும்பியிருக்க வேண்டும். ஜூன் 26 அன்றுதான் வந்தது என்றால் 20 நாள் தாமதம். 10,000 ரூபாயோடு 2,000 ரூபாயும் சேர்த்து வர வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால்தான் தருவோம் என்று வங்கி சொல்ல முடியாது. ஆனால் நடைமுறையில், அசல் தொகை வந்ததுமே பலர் திருப்தியாகிவிடுவதால் இந்த இழப்பீடு கேட்கப்படாமலே போகிறது.

ஆம்புட்ஸ்மேனிடம் போகும் வழி உங்கள் வங்கியில்தான் தொடங்குகிறது. முதலில் அங்கே எழுத்தில் புகார் கொடுத்தாக வேண்டும். ஏடிஎம் யாருடையதாக இருந்தாலும், உங்களுக்கு அட்டை கொடுத்த வங்கிதான் பதில் சொல்ல வேண்டும். கவுன்ட்டரில் வாய்மொழியாகச் சொன்னது கணக்கில் வராது. கடிதமாகக் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மின்னஞ்சலிலோ வங்கியின் இணையதளத்திலோ கொடுத்தால் புகார் எண்ணைக் குறித்துவையுங்கள். ஏடிஎம் இருந்த இடம், தேதி, நேரம், தொகை, குறுஞ்செய்தியில் வந்த பரிவர்த்தனை எண் எல்லாம் அதில் இருக்கட்டும்.

அதே புகாரில் இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள். ஏடிஎம் எந்திரம் ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் என்ன நடந்தது என்று தனக்குள் ஒரு பதிவை எழுதிவைக்கிறது. அந்தப் பதிவின் நகல், அன்றைய கேமரா காட்சி, அன்று எந்திரத்திலிருந்த பணத்தை எண்ணியபோது கணக்கைவிட அதிகமாக இருந்ததா என்ற விவரம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். 'பணம் கொடுத்தாகிவிட்டது' என்று வங்கி சொல்வது சரியா தவறா என்பது இவற்றில்தான் தெரியும். கேமரா காட்சிகளை வங்கிகள் நிரந்தரமாக வைத்திருப்பதில்லை. அதனால் இந்தக் கோரிக்கையை நாள் கடத்தாமல் எழுத்தில் வைப்பது முக்கியம்.

வங்கிக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, புகாரை நிராகரித்துவிட்டாலோ ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். 2021 திட்டம் இதற்கு ஓராண்டு வரை அவகாசம் தந்தது. இத்தகைய விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். cms.rbi.org.in என்ற இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்து, வங்கிக்கு எழுதிய கடிதத்தையும் வந்த பதிலையும் இணைக்க வேண்டும். கட்டணம் எதுவும் இல்லை. வக்கீல் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. உங்கள் சார்பில் வக்கீல் புகார் கொடுப்பதைத் திட்டமே அனுமதிக்கவில்லை. 14448 என்ற எண்ணில் தமிழில் விளக்கம் கேட்கலாம். ஆனால் போனில் பேசினால் புகார் பதிவானதாக ஆகாது.

புகாரை முதலில் சண்டிகரில் உள்ள மையம் சரிபார்க்கிறது. வங்கிக்கு எழுதாமல் நேரே வந்தது, 30 நாள் முடியும் முன்பே வந்தது, ஏற்கனவே நீதிமன்றத்தில் இருப்பது போன்ற புகார்கள் அங்கேயே முடித்துவைக்கப்படும். பணம் போனது உண்மையாக இருந்தாலும், தேதி போட்ட ஒரு கடிதம் இல்லாததால் புகார் உள்ளேயே போகாமல் திரும்பிவிடும். இந்தச் சல்லடையைத் தாண்டிய புகார்கள்தான் ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்துக்குப் போகின்றன.

அங்கே வங்கி 15 நாளுக்குள் ஆவணங்களோடு பதில் தர வேண்டும். ஆம்புட்ஸ்மேன் முதலில் இரு தரப்பையும் சமரசத்துக்குக் கொண்டுவரவே பார்ப்பார். எந்திரத்தின் பதிவைக் காட்ட வேண்டிய நிலை வரும்போது வங்கியே பணத்தைத் திருப்பித் தந்து விஷயத்தை முடித்துக்கொள்ள முன்வரலாம். அப்படி வரும்போது, 100 ரூபாய்க் கணக்கும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள். சமரசம் ஆகாவிட்டால் ஆம்புட்ஸ்மேன் தீர்ப்பு வழங்குவார். அதை ஏற்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். ஏற்காமல் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஏற்பதென்றால், தீர்ப்பு கைக்கு வந்த 30 நாளுக்குள் சம்மதக் கடிதம் கொடுக்க வேண்டும். கொடுக்கத் தவறினால், உங்களுக்குச் சாதகமான தீர்ப்பும் காலாவதியாகிவிடும்.

இந்த அலுவலகத்தின் எல்லைகளையும் தெரிந்துகொள்வது நல்லது. ஆம்புட்ஸ்மேன் ரிசர்வ் வங்கியின் அதிகாரி, நீதிபதி அல்ல. சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி விசாரிக்க வேண்டிய சிக்கலான வழக்கு என்று தோன்றினால் புகாரை ஏற்க மறுக்கலாம். கடன் தருவதா இல்லையா என்பது வங்கியின் வணிக முடிவு. அதில் தலையிட மாட்டார். வங்கி தான் செய்ய வேண்டிய சேவையில் குறை வைத்ததா என்பதுதான் அவர் பார்க்கும் ஒரே கேள்வி. அந்தக் குறையால் ஏற்பட்ட இழப்புக்காக 2021 திட்டப்படி 20 லட்சம் ரூபாய் வரையிலும், அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்குமாகத் தனியே ஒரு லட்சம் வரையிலும் அவர் தரச் சொல்லலாம்.

அவர் உங்களை நேரில் பார்த்து முடிவெடுப்பதில்லை, தாள்களைப் பார்த்தே முடிவெடுக்கிறார். அதனால் பணம் வராத அன்றே எழுதுங்கள், முத்திரையோ எண்ணோ வாங்குங்கள், முப்பதாவது நாளைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.