ஒரே இடத்தில் தொடங்கினால் 43 நாள்

நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவுக்கு ஒரே குரோமோசோம்தான். சுமார் 46 லட்சம் கார இணைகள் கொண்ட வளையம் அது. அதை நகலெடுக்கும் வேலை ‘ஓரிசி’ என்ற ஒரே இடத்தில் தொடங்குகிறது. அங்கிருந்து இரண்டு நகலெடுப்பு அணிகள் எதிரெதிர்த் திசைகளில் நகர்ந்து, வளையத்தின் மறுபக்கத்தில் சந்திக்கின்றன. ஒவ்வோர் அணியும் நொடிக்குச் சுமார் ஆயிரம் இணைகளைக் கடப்பதால் 40 நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

இதே முறையை நம் முதலாம் குரோமோசோமில் வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். அதன் நீளம் ஏறக்குறைய 25 கோடி இணைகள். நடுவில் ஒரே தொடக்கப்புள்ளி இருந்தால், ஒவ்வோர் அணியும் பன்னிரண்டரைக் கோடி இணைகளைத் தாண்ட வேண்டும். நம் செல்களில் அணியின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் இரண்டாயிரம் இணைகள்தான். அப்படியானால் 43 நாள் ஆகும்! நம் செல்லோ எட்டு மணி நேரம் போல மட்டுமே இதற்கு ஒதுக்குகிறது.

இவ்வளவு மந்தம் ஏன்? நம் டிஎன்ஏ ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் சுற்றப்பட்டிருப்பது முக்கியக் காரணம். முன்னே உள்ள சுற்றை அவிழ்த்து, பின்னே இரு நகல்களிலும் மறுபடி சுற்றியபடியே அணி நகர வேண்டும். ஆனால் வேகத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பாக்டீரியாவின் வேகத்திலேயே ஓடினாலும் ஒன்றரை நாள் பிடிக்கும். நீளம்தான் அடிப்படைச் சிக்கல். அதனால்தான் மனித செல் ஒவ்வொரு முறையும் பல்லாயிரம் இடங்களில் நகலெடுக்கத் தொடங்குகிறது.

பழ ஈயின் இளங்கரு இதற்கு அருமையான சான்று. அதன் தொடக்க நாழிகைகளில் மொத்த டிஎன்ஏவும் நான்கு நிமிடத்துக்குள் நகலாகிவிடுகிறது. அணிகள் வேகம் கூட்டுவதில்லை. தொடக்கப்புள்ளிகள்தான் சுமார் எட்டாயிரம் இணைகளுக்கு ஒன்றாக நெருங்கி அமைகின்றன.

இத்தனை இடங்களில் தொடங்கினால் ஒரே பகுதி இருமுறை நகலாகிவிடாதா? அதற்கும் செல்லில் காவல் உண்டு. நகலெடுப்பு தொடங்கும் முன்பே எம்சிஎம் என்ற புரத வளையங்கள் டிஎன்ஏயில் மாட்டப்படுகின்றன. வேலை தொடங்கிய பிறகு, செல் பிரிந்து முடியும்வரை புதிய வளையம் மாட்ட அனுமதி இல்லை. தேவைக்கு மேல் மாட்டப்பட்டவை சும்மா காத்திருக்கும்; அருகில் ஓர் அணி தடைபட்டு நின்றால் அவற்றில் ஒன்று விழித்து மீதியை முடிக்கும்.

இந்த உதவி கிடைக்காத இடங்களும் உண்டு. மூன்றாம் குரோமோசோமில் எஃப்ஆர்ஏ3பி என்ற பகுதியின் நடுவில், ரத்தத்தின் லிம்போசைட் செல்களில் தொடக்கப்புள்ளிகளே இல்லை. தொலைவிலிருந்து வரும் அணிகள் வழியில் தாமதித்தால் அப்பகுதி நகலாகாமல் நின்றுபோகிறது. மனிதக் குரோமோசோம்களில் மிக எளிதாக முறியும் இடங்களில் அதுவும் ஒன்று.