மூன்று தாள், மூன்று வேளை

கோவையில் இரும்பு ரேக் செய்து கொடுக்கும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் உள்ள பனியன் கம்பெனி ஒன்று தன் குடோனுக்கு 40 ரேக் கேட்கிறது. ஒன்று 5,000 ரூபாய். மொத்தம் 2,00,000. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 36,000. ஆக 2,36,000 ரூபாய். இந்த ஒரே வியாபாரத்தில் பட்டறைக்காரர் மூன்று தாள்களை அனுப்ப வேண்டியிருக்கும்: கொட்டேஷன், புரோஃபார்மா இன்வாய்ஸ், டேக்ஸ் இன்வாய்ஸ். மூன்றிலும் அதே பொருள், அதே விலை, அதே வரிக் கணக்கு. அதனால்தான் "எதை அனுப்பினால் என்ன" என்ற எண்ணம் பலருக்கு வருகிறது. வித்தியாசம் தாளில் உள்ள எண்களில் இல்லை. தாள் கைமாறிய பிறகு யாருக்கு என்ன கடமை பிறக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

பிப்ரவரி 3-ஆம் தேதி கொட்டேஷன் போகிறது என்று வைத்துக்கொள்வோம். "இந்தப் பொருளை இந்த விலைக்குத் தர முடியும்" என்று சொல்வது மட்டுமே அதன் வேலை. வாங்குபவர் நாலு இடத்தில் விலை கேட்டு ஒப்பிட்டுப் பார்ப்பார். யாருக்கும் யாரும் இன்னும் ஒரு பைசா கடன்படவில்லை. ஆனால் கொட்டேஷனில் இரண்டு வரிகளை விட்டுவிடக் கூடாது. ஒன்று, வரி, லாரி வாடகை, இறக்குகூலி, பொருத்தும் கூலி எல்லாம் விலைக்குள்ளா வெளியிலா என்பது. இன்னொன்று, இந்த விலை எத்தனை நாளைக்குச் செல்லும் என்பது. இரும்பு விலை வாரத்துக்கு வாரம் மாறக்கூடியது. கெடு எதுவும் போடாமல் அனுப்பிய கொட்டேஷனைக் காட்டி, விலை ஏறிய பிறகு ஒருவர் ஆர்டர் கொடுத்தால் வீண் வாக்குவாதம்தான். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, முன்வைத்ததை மற்றவர் ஏற்பதற்கு முன்புதான் திரும்பப் பெற முடியும். நம் பட்டறைக்காரர் 15 நாள் கெடு போட்டிருக்கிறார். 14-ஆம் தேதி திருப்பூரிலிருந்து பர்ச்சேஸ் ஆர்டர் வந்துவிடுகிறது.

இப்போது இரும்பு வாங்க அட்வான்ஸ் வேண்டும். பேசியபடி பாதித் தொகை, 1,18,000 ரூபாய். ஆனால் அந்தக் கம்பெனியின் கணக்குப் பிரிவு, கையில் ஒரு தாள் இல்லாமல் பணம் அனுப்பாது. "பில் அனுப்புங்க, போட்டு விடுறோம்" என்பார்கள். பெரும்பாலான தவறுகள் இந்த இடத்தில்தான் நடக்கின்றன. பில் என்ற சொல்லைக் கேட்டதும் டேக்ஸ் இன்வாய்ஸைப் போட்டுவிடுகிறார்கள். இங்கே போக வேண்டியது புரோஃபார்மா.

ஜிஎஸ்டி சட்டத்தில் புரோஃபார்மா என்று ஓர் ஆவணமே கிடையாது. அதன் பயனே அதுதான். பின்னால் வரப்போகும் பில் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே காட்டும் தாள் அது. வங்கி விவரம், செலுத்த வேண்டிய தொகை எல்லாம் இருக்கும். ஆனால் அது ரிட்டர்னில் ஏறாது, வரிக் கடமையை உண்டாக்காது. தேவைப்பட்டால் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம்.

பிப்ரவரி 16-ஆம் தேதி புரோஃபார்மாவுக்குப் பதிலாக டேக்ஸ் இன்வாய்ஸைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பொருள் விற்பனையில் வரிக் கடமை இன்வாய்ஸ் தேதியிலேயே பிறந்துவிடும். மாதாமாதம் ரிட்டர்ன் தாக்கல் செய்பவர் என்றால், மார்ச் 20-க்குள் முழு 36,000 ரூபாயையும் கட்ட வேண்டும். பாதிப் பணம்தான் வந்திருக்கிறது, அதுவும் இரும்பில் போயாயிற்று. வாங்கியவருக்கும் லாபமில்லை. இன்வாய்ஸ் அவருடைய போர்ட்டலில் தெரியும், ஆனால் சரக்கு கைக்கு வராமல் அந்த வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுக்க அவருக்கு உரிமை இல்லை. இருவரின் பணமும் ஒரே தாளால் முடங்கிவிடும்.

மார்ச் முதல் வாரத்தில் கம்பெனிக்காரர் கூப்பிட்டு, "இடம் பத்தலைங்க, 36 போதும்" என்கிறார். இது அன்றாடம் நடப்பது. புரோஃபார்மா கொடுத்திருந்தால் திருத்திய தாள் ஒன்றை அனுப்பினால் முடிந்தது. டேக்ஸ் இன்வாய்ஸ் போட்டு, அது ரிட்டர்னிலும் ஏறிவிட்டால் அதை அழிக்க முடியாது. குறைந்த நான்கு ரேக்குக்கு, 20,000 ரூபாயும் வரி 3,600-ம் சேர்த்து, கிரெடிட் நோட் போட வேண்டும்.

சரக்கு மார்ச் 14-ஆம் தேதி லாரி ஏறுகிறது. டேக்ஸ் இன்வாய்ஸின் வேளை அன்றுதான். பொருள் பட்டறையை விட்டுக் கிளம்பும்போதோ அதற்கு முன்போ அது இருந்தாக வேண்டும் என்பது சட்டம். 36 ரேக், 1,80,000 ரூபாய், வரி 32,400, ஆக 2,12,400. அட்வான்ஸைக் கழித்தால் பாக்கி 94,400. இரு தரப்பின் ஜிஎஸ்டி எண், பொருளின் ஹெச்எஸ்என் குறியீடு, வரிசை எண், தேதி, மத்திய வரியும் மாநில வரியும் தனித்தனியாக, கையெழுத்து என எல்லாம் அதில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு என்பதால் இ-வே பில்லும் உடன் போக வேண்டும். "புரோஃபார்மாதான் இருக்கே" என்று அதையே டிரைவரிடம் கொடுத்தனுப்புவது எதிர்த் திசையில் நடக்கும் தவறு. வழியில் மறித்தால், சரக்கின் உரிமையாளர் முன்வந்தாலும் வரியைப் போல் இரு மடங்கு, அதாவது 64,800 ரூபாய் வரை அபராதம் கட்டித்தான் மீட்க வேண்டிவரும்.

அட்வான்ஸ் வாங்கியதற்கு ரசீது வவுச்சர் கொடுக்க வேண்டும். பொருளுக்கு வாங்கிய அட்வான்ஸுக்கு, காம்போசிஷன் திட்டத்தில் இல்லாதவர்கள் அப்போதே வரி கட்ட வேண்டியதில்லை. 2017 நவம்பரில் வந்த அறிவிக்கை இந்தச் சலுகையைத் தந்தது.

சேவைத் தொழில் செய்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. டிசைனர், ஆலோசகர், பராமரிப்பு ஒப்பந்தக்காரர் போன்றோர் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். சேவைக்கு இன்வாய்ஸ், பணம் இரண்டில் எது முன்னால் வருகிறதோ அன்றே வரிக் கடமை பிறக்கும். புரோஃபார்மாதானே அனுப்பினோம் என்று இருந்துவிட முடியாது. அட்வான்ஸ் வங்கிக்கு வந்த மாதத்திலேயே அந்தத் தொகைக்கு வரி காட்ட வேண்டும்.

இவர்களில் பலர், பணம் வரும்வரை புரோஃபார்மாவைக் காட்டியே காலம் தள்ளுகிறார்கள். வாடிக்கையாளர் தராத பணத்துக்குக் கைக்காசிலிருந்து வரி கட்ட வேண்டியிருக்கிறதே என்ற அவர்களின் வேதனை நியாயமானது. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. வேலை முடிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள், பணம் வந்தாலும் வராவிட்டாலும், டேக்ஸ் இன்வாய்ஸ் போட்டாக வேண்டும். 50,000 ரூபாய் வேலையை ஜூன் 10-ஆம் தேதி முடித்த டிசைனருக்கு ஜூலை 10 கடைசி நாள். அதைத் தாண்டினால் வரிக் கடமை, வேலை முடிந்த ஜூன் 10-க்கே போய்விடும். தாமதமாகக் கட்டும் 9,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் சேரும். ஆகவே வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்பணம் கேட்டு புரோஃபார்மா அனுப்புவதே இவர்களுக்கு நல்லது.

புரோஃபார்மாவுக்கும் டேக்ஸ் இன்வாய்ஸுக்கும் ஒரே வரிசை எண் போடவே கூடாது. டேக்ஸ் இன்வாய்ஸ் எண்கள் நிதியாண்டு முழுக்க விட்டுப்போகாமல் வர வேண்டும். எத்தனை எண் போடப்பட்டது, எத்தனை ரத்தானது என்று ரிட்டர்னிலேயே கேட்கிறார்கள். இடையில் நாலு எண்ணைப் புரோஃபார்மா எடுத்துக்கொண்டால், விற்பனையை மறைத்ததாகச் சந்தேகம் எழும். புரோஃபார்மாவுக்குத் தனி வரிசை வைத்து, தலைப்பிலேயே "இது டேக்ஸ் இன்வாய்ஸ் அல்ல" என்று அச்சிட்டு விடலாம். வாங்கும் இடத்தில் இருப்பவரும் தாளின் தலைப்பைப் பார்த்த பிறகே வரி வரவைக் கணக்கில் ஏற்ற வேண்டும். புரோஃபார்மாவில் 32,400 என்று எழுதியிருந்தாலும், அதை வைத்து ஒரு ரூபாய் வரவும் எடுக்க முடியாது.