மலிவு விலையில் வெளிநாட்டுக் கார்: கணக்கு என்ன சொல்கிறது?

வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பும் வாடிக்கையாளர்கள் திருவனந்தபுரம் கிளையில் அடிக்கடி கேட்கும் கேள்வி: “அங்கே ஓட்டிய காரை இங்கே கொண்டு வரலாமா?” பெரும்பாலும் முடியாது என்பதே விடை. இந்தியாவுக்குள் வரும் பழைய வாகனத்திற்கு வலப்புற ஸ்டீயரிங் இருக்க வேண்டும். வளைகுடா வாகனங்களுக்கு அது இடப்புறத்தில் உள்ளது. பயணிகளின் உடைமைகளுக்கான வரிச்சலுகையும் மோட்டார் வாகனங்களுக்குப் பொருந்தாது.

பிரிட்டன், ஜப்பான் போன்ற நாடுகளின் வாகனங்களுக்கு ஸ்டீயரிங் தடையில்லை. வயது வரம்பு உண்டு. உற்பத்தியான நாளிலிருந்து மூன்றாண்டுகளுக்கு மேற்பட்ட வாகனத்தை இறக்குமதி செய்ய இயலாது. முதல் பதிவு நாளைக் கணக்கில் கொண்டால் ஏமாற நேரிடும். மேலும், தகுதிச் சான்றிதழ் பெற்று, மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே பழைய வாகனத்தைக் கொண்டுவர வேண்டும்.

இனி விலையைப் பார்ப்போம். பிரிட்டனில் புதிதாக 20 லட்சம் ரூபாய்க்குச் சமமான பட்டியல் விலையுள்ள ஒரு பெரிய பெட்ரோல் காரை, இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் 9 லட்சத்துக்கு வாங்குகிறார் என்று கொள்வோம். சுங்கத்துறை அந்த 9 லட்சத்தை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. புதிய வாகனத்தின் பட்டியல் விலையிலிருந்து தேய்மானத்தைக் கழித்து மதிப்பிடுவதே வழக்கம். காலாண்டுக்கு முதல் ஆண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 3, மூன்றாம் ஆண்டில் 2.5 விழுக்காடு கழியும். பத்துக் காலாண்டுகளுக்கு 33 விழுக்காடு போக மதிப்பு 13.40 லட்சம். கப்பல் கட்டணமும் காப்பீடும் 1.60 லட்சம் என்றால், வரிக்குரிய மதிப்பு 15 லட்சம்.

அடிப்படைச் சுங்கவரி 70 விழுக்காடு, வேளாண் உள்கட்டமைப்பு வரி 67.5 விழுக்காடு, இரண்டும் சேர்ந்து 20.62 லட்சம். மொத்தம் 35.62 லட்சத்தின் மீது ஒருங்கிணைந்த சரக்கு மற்றும் சேவை வரி 40 விழுக்காடு, அதாவது 14.25 லட்சம். கொடுத்த விலையையும் கப்பல் செலவையும் கூட்டினால், 9 லட்சத்துக் கார் 45 லட்சத்தைத் தாண்டுகிறது. பதிவுக் கட்டணமும் சாலை வரியும் இதற்கு மேல்.

இவ்வளவு வரிக்குப் பின்னும் ஒரு வெளிநாட்டுக் கார் மலிவாக விற்கப்பட்டால், வரி செலுத்தப்பட்டதா என்று ஐயுற வேண்டும். 2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத்துறை ‘ஆபரேஷன் நும்கோர்’ என்னும் பெயரில் கேரளமெங்கும் சோதனை நடத்தி, முப்பதுக்கும் மேற்பட்ட வாகனங்களைக் கைப்பற்றியது. அவை பூட்டானிலிருந்து வரி ஏய்த்துக் கொண்டுவரப்பட்டு, போலி ஆவணங்களால் வேறு மாநிலங்களில் பதிவு செய்யப்பட்டவை என்பது அத்துறையின் குற்றச்சாட்டு. இத்தகைய வாகனத்தைப் பதிவுச் சான்றை நம்பி விலை கொடுத்து வாங்கியவரும் அதை இழக்க நேரிடலாம்.

ஆகவே, வெளிநாட்டு வாகனத்தை இங்கு ஒருவரிடம் வாங்கும்போது, பதிவுச் சான்றுடன் நின்றுவிடாமல், இறக்குமதியின்போது தாக்கலான ‘பில் ஆஃப் என்ட்ரி’யையும் வரி செலுத்திய ரசீதையும் கேளுங்கள். அவற்றிலுள்ள சேசிஸ் எண்ணை வாகனத்தில் பொறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் முன்பணம் கொடுக்காதீர்கள்.