தையல் கடைக்கு எத்தனை பிளவுஸ் தைத்தால் கட்டுப்படியாகும்? மூன்று கோடுகளில் ஒரு கணக்கு

‘நாள் முழுக்கத் தைக்கிறேன், மாசக் கடைசியில கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது.’ சிறிய தையல் கடைகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. ஆர்டர் வருகிறது, மிஷின் ஓடுகிறது, காசும் புழங்குகிறது. அப்படியும் கடை லாபத்தில் ஓடுகிறதா, நஷ்டத்தில் ஓடுகிறதா என்று கேட்டால் பலரிடம் பதில் இருக்காது.

இதற்குப் பதில் சொல்வதுதான் பிரேக்-ஈவன் வரைபடம், அதாவது லாப நட்டமில்லாப் புள்ளி வரைபடம். ஒரு கிராஃப் தாள், ஒரு ஸ்கேல், மூன்று கோடுகள் போதும். மாவட்டத் தொழில் மையம் மூலமோ வங்கியிலோ கடனுக்கு விண்ணப்பிக்கும்போது கொடுக்கிற திட்ட அறிக்கையிலும் இந்தக் கணக்கு இடம்பெறுவது வழக்கம். பெரும்பாலும் அதை வேறு யாரோ டைப் செய்து கொடுத்துவிடுகிறார்கள், கடைக்காரர் அதைப் பார்ப்பதே இல்லை.

தருமபுரி மாவட்டம் அரூரில் ஒரே ஒரு பெண் நடத்துகிற தையல் கடை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். லைனிங் பிளவுஸ் மட்டும்தான் தைக்கிறார். கீழே வரும் எண்கள் கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் செலவைப் பிரிக்க வேண்டும்

செலவு இரண்டு வகை. கடையில் ஒரு பிளவுஸ்கூடத் தைக்காவிட்டாலும் மாதம் பிறந்தால் கட்டியே ஆக வேண்டியது நிலையான செலவு. வாடகை ரூ.4,000, கரண்ட் பில் ரூ.700, மிஷின் கடன் தவணை ரூ.2,300, போன், எண்ணெய், ரிப்பேர் ரூ.500. மொத்தம் ரூ.7,500. தையல் கூடினால் கரண்ட் கொஞ்சம் கூடும்தான். ஆனால் அந்த வித்தியாசம் சிறியது என்பதால் இங்கேயே வைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு பிளவுஸுக்கும் கூடவே வருவது மாறும் செலவு. லைனிங் துணி ரூ.55, நூல், ஹூக், நாடா ரூ.10, ஹெம்மிங்கும் ஹூக் கட்டுவதும் வெளியே கொடுத்தால் ரூ.25. ஆக ஒரு பிளவுஸுக்கு ரூ.90. தையல் கூலியாக வாடிக்கையாளரிடம் வாங்குவது ரூ.240. மீதி நிற்பது ரூ.150. இந்த 150 ரூபாய்தான் நிலையான செலவைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கிறது.

7,500-ஐ 150-ஆல் வகுத்தால் 50. மாதம் 50 பிளவுஸ் தைத்தால் போதும் என்று தோன்றும். இங்கேதான் பெரும்பாலான கணக்குகள் தப்பாகின்றன.

விட்டுப்போகிற ஒரு செலவு

கடைக்காரரின் சொந்தச் சம்பளம் இதில் இல்லை. ‘என் கடை, எனக்கு நானே எதுக்குச் சம்பளம்?’ என்று கேட்கலாம். அவர் கடையை மூடிவிட்டு ஓசூரிலோ திருப்பூரிலோ கார்மென்ட்ஸ் வேலைக்குப் போனால் மாதச் சம்பளம் கிடைக்கும். அதை விட்டுவிட்டுத்தான் இந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறார். அந்த உழைப்புக்கு ஒரு விலை போடாவிட்டால் வரைபடம் பொய்தான் சொல்லும்.

அதற்கு மாதம் ரூ.12,000 என்று வைப்போம். நிலையான செலவு ரூ.19,500 ஆகிறது. 150-ஆல் வகுத்தால் 130. ஐம்பதுக்கும் நூற்று முப்பதுக்கும் நடுவே உள்ள அந்த 80 பிளவுஸ்தான் ‘கையில ஒண்ணும் நிக்கல’ என்பதன் காரணம்.

இனி வரையலாம்

கிராஃப் தாளில் கீழே கிடைக்கோடு, இடது பக்கம் நெட்டுக்கோடு. கிடைக்கோட்டில் மாதம் தைக்கும் பிளவுஸ் எண்ணிக்கை, 1 செ.மீ.-க்கு 10 வீதம் 0 முதல் 160 வரை. நெட்டுக்கோட்டில் ரூபாய், 1 செ.மீ.-க்கு 2,000 வீதம் 0 முதல் 40,000 வரை.

முதல் கோடு நிலையான செலவு. நெட்டுக்கோட்டில் 19,500-ஐக் குறித்து, அங்கிருந்து வலது பக்கம் படுக்கையாக ஒரு கோடு இழுக்க வேண்டும். எத்தனை தைத்தாலும் இது ஏறாது, இறங்காது.

இரண்டாவது மொத்தச் செலவு. இது பூஜ்ஜியத்தில் தொடங்காது. முதல் கோடு தொடங்கிய அதே 19,500-இல் தொடங்கும், ஏனென்றால் ஒன்றும் தைக்காத மாதத்திலும் அந்தச் செலவு உண்டு. 150 பிளவுஸ் தைத்தால் மாறும் செலவு 13,500, மொத்தம் 33,000. அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்து இரண்டையும் சேர்க்கவும்.

மூன்றாவது வருவாய். பூஜ்ஜியத்தில் தொடங்கும். 150 பிளவுஸுக்கு ரூ.36,000. அந்தப் புள்ளியைப் பூஜ்ஜியத்தோடு சேர்த்தால் கோடு தயார்.

வருவாய்க் கோடும் மொத்தச் செலவுக் கோடும் வெட்டுகிற இடத்திலிருந்து நேர் கீழே பார்த்தால் 130 இருக்கும். இடது பக்கம் பார்த்தால் 31,200. 130 பிளவுஸுக்கு வரவும் 31,200, செலவும் 31,200. இதுதான் லாப நட்டமில்லாப் புள்ளி. அதற்கு இடப்பக்கம் இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி நஷ்டம், வலப்பக்கம் உள்ளது லாபம்.

போனில் கூகுள் ஷீட்ஸ் வைத்திருப்பவர்கள் A பத்தியில் 0, 10, 20 என்று எண்ணிக்கையைப் போட்டு, இரண்டாவது வரிசையில் இந்தச் சூத்திரங்களை எழுதிக் கீழே இழுத்தால் போதும்.

```
B2: =19500
C2: =19500+90*A2
D2: =240*A2
```

நான்கு பத்திகளையும் தேர்ந்தெடுத்து லைன் சார்ட் போட்டால் அதே மூன்று கோடுகள் வரும்.

தப்பாகப் படித்தால்…

வருவாய்க் கோடு மேலே போகும் வழியில் முதலில் நிலையான செலவுக் கோட்டை வெட்டும். அது சுமார் 81-இல் நடக்கும். ‘82 தைத்தால் வாடகை, சம்பளம் எல்லாம் வந்துவிட்டது’ என்று அங்கேயே நின்றுவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த 82 பிளவுஸுக்கு லைனிங்கும் ஹூக்கும் கை வேலையும் ரூ.7,380 விழுங்கியிருக்கும். உண்மையில் அந்த மாதம் ரூ.7,200 நஷ்டம். வாடகை கட்டியாகிவிட்டது, லைனிங் கடையில் பாக்கி ஏறியிருக்கிறது என்றால், கடை இந்த இடத்தில் நிற்கிறது என்று அர்த்தம்.

கோடு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. 100 பிளவுஸ் உள்ள இடத்தில் மொத்தச் செலவுக்கும் நிலையான செலவுக்கும் இடைவெளி சரியாக ரூ.9,000 இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது கோடு தப்பு.

நான்காவதாக ஒரு கோடு

பாடப்புத்தக வரைபடத்தில் பெரும்பாலும் வராத ஒரு கோடு தையல் கடைக்கு ரொம்ப முக்கியம். ஒருவர் வெட்டி, அளவெடுத்து, தைத்து ஒரு நாளைக்கு 6 லைனிங் பிளவுஸ் முடிப்பார் என்றால், 25 நாளில் 150. அந்த 150-இல் நெட்டாக ஒரு கோடு போடுங்கள். அதற்கு வலப்பக்கம் இந்தக் கடையால் போகவே முடியாது.

இப்போது படம் வேறு மாதிரி தெரியும். லாபம் தொடங்குவது 130-இல், கடையின் எல்லை 150-இல். ஒரு நாளும் சோராமல் தைத்தாலும் சம்பளம் போக மிஞ்சுவது ரூ.3,000தான். காய்ச்சலில் நான்கு நாள் படுத்தால் 24 பிளவுஸ் போய்விடும், மாதம் நஷ்டத்துக்குள் விழுந்துவிடும்.

பக்கத்தில் புதுக் கடை வந்தது, கூலியை 20 ரூபாய் குறைத்து 220 ஆக்கினார் என்று வைப்போம். ஒரு பிளவுஸுக்கு மீதி 130. 19,500-ஐ 130-ஆல் வகுத்தால் 150. வெட்டும் புள்ளி போய் எல்லைக் கோட்டிலேயே உட்கார்ந்துவிடும். அதாவது முழு மாதமும் முழு வேகத்தில் தைத்தால்தான் நஷ்டம் இல்லை, லாபத்துக்கு இடமே கிடையாது. லைனிங் துணி 20 ரூபாய் ஏறினாலும் இதே கதைதான். வருவாய்க் கோடு சாய்வதற்குப் பதில் மொத்தச் செலவுக் கோடு நிமிரும். மாறாக, கூலியை வெறும் 10 ரூபாய் கூட்டினால் புள்ளி 122-க்கு இறங்கும்.

ஆள் வைத்தால் சரியாகுமா?

ஆர்டர் 150-ஐத் தாண்டுகிறது, மாதம் ரூ.9,000 சம்பளத்தில் ஒருவரை வைக்கலாம் என்று தோன்றும். அப்படி வைத்தால் நிலையான செலவுக் கோடு 150-இல் படிக்கட்டு போல 28,500-க்கு ஏறும். வெட்டும் புள்ளி 190-க்குத் தள்ளிப்போகும். 150-இல் ரூ.3,000 லாபம் பார்த்த கடை, 151-இல் ரூ.5,850 நஷ்டத்தில் இருக்கும். பழைய 3,000 திரும்பக் கிடைக்க 210 பிளவுஸ் தைத்தாக வேண்டும். மாதாமாதம் 60 பிளவுஸ் கூடுதலாக வரும் என்று உறுதியிருந்தால் ஆள் வைக்கலாம். தீபாவளிக்கு மட்டும் வருகிற கூட்டம் என்றால், பீஸ் ரேட்டுக்கு வெளியே கொடுப்பதே பாதுகாப்பு. ஆர்டர் இல்லாத மாதத்தில் அந்தச் செலவும் இருக்காது.

எல்லா மாதமும் ஒன்றல்ல

முகூர்த்தம் இல்லாத ஆடி, மார்கழியில் கல்யாண ஆர்டர் வராது. தீபாவளி, பொங்கல் சமயத்தில் தூங்க நேரமிருக்காது. அதனால் மாதப் படத்தோடு வருடக் கணக்கையும் பார்க்க வேண்டும். வருடத்துக்கு 1,560 பிளவுஸ் தேவை. இரண்டு மாதம் 80 வீதம்தான் வந்தது என்றால் மற்ற பத்து மாதமும் சராசரியாக 140 தைக்க வேண்டும். எல்லையோ 150.

இந்தக் கோடுகள் நேராக இருப்பது ஒரே பொருளைத் தைக்கும்போதுதான். சாதா பிளவுஸும் தைக்கிறார், கூலி 140, செலவு 40, மீதி 100 என்றால், மூன்று சாதா பிளவுஸை இரண்டு லைனிங் பிளவுஸாக எண்ணிக்கொள்ளலாம். ஆனால் தைக்கும் நேரம் அதே விகிதத்தில் குறையாவிட்டால் எல்லைக் கோட்டையும் நகர்த்தியாக வேண்டும்.

கடன் தவணையில் ஒரு விஷயம். கணக்காளர் வட்டியை மட்டும்தான் செலவு என்பார், அசலைச் செலவாக எழுத மாட்டார். கையில் காசு நிற்குமா என்று பார்க்கிற இந்தப் படத்தில் முழுத் தவணையையும் சேர்ப்பதுதான் சரி. கடன் முடிந்ததும் அந்த ரூ.2,300-ஐ உடனே அழித்துவிட வேண்டாம். அடுத்த மிஷினுக்காக ஒரு பகுதியை ஒதுக்கி, புதுத் தொகையோடு படத்தை மறுபடி வரையலாம். வாடகை ஏறும்போதும், லைனிங் விலை மாறும்போதும், கூலிப் பலகையை மாற்றி எழுதுவதற்கு முன்பும் இதே தாளில் வேறு கலர் பேனாவால் புதுக் கோட்டைப் போட்டால், வெட்டும் புள்ளி எல்லைக் கோட்டை எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.