சரிந்து இறங்கும் கோட்டில் ஃப்ளோரைடு

சென்னை மாகாணத்துக் கிராமங்களில் பல்லும் எலும்பும் கெட்டுப்போவதற்குக் குடிநீரில் உள்ள ஃப்ளோரைடுதான் காரணம் என்ற ஆய்வறிக்கை 1937-இல் வெளியானது. நெல்லூர்ப் பகுதியில் கண்டறிந்த அந்தப் பாதிப்பு இன்றும் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்பவர்களைத் துரத்துகிறது. ஃப்ளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை. கிணற்று நீரில் இருக்கும் அளவில் நாக்குக்கும் தெரியாது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீராதாரம் இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். 1.4 உள்ள தண்ணீரையும் 2.2 உள்ள தண்ணீரையும் கண்ணாடி டம்ளரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எவராலும் வேறுபடுத்த முடியாது. ஆய்வகத்தில் அதைப் பிரித்துச் சொல்வது ஒரு நேர்கோடு.

ஸ்பேட்ன்ஸ் என்ற சிவப்புச் சாயத்தை சிர்கோனியத்தோடு அமிலத்தில் சேர்த்தால் அடர்சிவப்பான ஒரு கூட்டுப்பொருள் உருவாகும். இந்தப் பரிசோதனைக்கான மருந்து அதுதான். 50 மி.லி. தண்ணீரில் 10 மி.லி. மருந்தை விட்டதும், தண்ணீரிலுள்ள ஃப்ளோரைடு சாயத்திடமிருந்து சிர்கோனியத்தைப் பறித்துத் தன்னோடு கட்டிக்கொள்கிறது. அதனால் சிவப்பு வெளுக்கும். ஃப்ளோரைடு எவ்வளவு கூடுதலோ அவ்வளவு வெளுப்பு. அந்தக் கரைசலைச் சிறு குவெட்டில் ஊற்றி ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் வைத்து, 570 நானோமீட்டர் அலைநீள ஒளியை உள்ளே அனுப்பினால், கரைசல் எவ்வளவு ஒளியை விழுங்கியது என்பதற்கு ஓர் எண்ணைக் கருவி காட்டும். அதுதான் உட்கவர்திறன்.

தண்ணீரில் இரும்பைப் பார்க்கும் சோதனையில் இரும்பு கூடக்கூட நிறம் ஏறும், உட்கவர்திறனும் ஏறும். பெரும்பாலான நிறச் சோதனைகள் அப்படித்தான். ஃப்ளோரைடில் கோடு தலைகீழ்: செறிவு ஏற ஏற உட்கவர்திறன் இறங்கும். இந்த இறங்குகோட்டைச் சரியாகப் புரிந்துகொண்டவர்களுக்கு மற்றச் சோதனைகளின் ஏறுகோடு சிரமமே தராது.

கருவி காட்டும் 0.4 என்ற எண்ணுக்குத் தனியாகப் பொருள் கிடையாது. முதலில் விடை தெரிந்த தண்ணீரைக் கருவிக்குக் காட்ட வேண்டும். 221 மில்லிகிராம் சோடியம் ஃப்ளோரைடைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து ஒரு லிட்டராக்கினால், அதில் ஃப்ளோரைடு சரியாக 100 மில்லிகிராம் இருக்கும். அதைப் பத்து மடங்கு நீர்த்து, அந்தக் கரைசலிலிருந்து 1.5, 3, 4.5, 6 மி.லி. எடுத்து ஒவ்வொன்றையும் 50 மி.லி.க்கு நிரப்பினால் லிட்டருக்கு 0.3, 0.6, 0.9, 1.2 மில்லிகிராம் கொண்ட நான்கு ஸ்டாண்டர்டுகள் தயார். ஃப்ளோரைடே இல்லாத வடிநீர் ஐந்தாவது. அதற்கு பிளாங்க் என்று பெயர். ஐந்திலும் மருந்து கலந்து படித்தபோது, பிளாங்கிலிருந்து தொடங்கி முறையே 0.601, 0.538, 0.482, 0.418, 0.361 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். (கணக்கு எளிதாக இருக்க நான் தேர்ந்த எண்கள் இவை.)

செறிவைக் கிடை அச்சிலும் உட்கவர்திறனைக் குத்து அச்சிலும் குறித்தால் ஐந்து புள்ளிகளும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இறங்கும். ஸ்கேலை வைத்துக் கண் மதிப்பில் கோடு போட்டால் ஆளுக்கு ஒரு கோடு வரும். அதனால் மீச்சிறு வர்க்க முறை. ஐந்து செறிவுகளின் சராசரி 0.6, உட்கவர்திறன்களின் சராசரி 0.480. ஒவ்வொரு புள்ளியும் இந்தச் சராசரிகளிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று எடுத்து, இரு விலகல்களையும் பெருக்கிக் கூட்டினால் −0.180. செறிவு விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 0.90. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் −0.200, இதுதான் சாய்வு. கோடு சராசரிப் புள்ளி வழியாகப் போயே ஆக வேண்டும் என்பதால், 0.480-உடன் 0.2 × 0.6 = 0.120-ஐக் கூட்டினால் கோடு குத்து அச்சைத் தொடும் இடம், அதாவது வெட்டுத்துண்டு, 0.600 என்று கிடைக்கிறது.

```
A = 0.600 − 0.200 × C
C = (0.600 − A) ÷ 0.200
```

முதல் வரி கோடு. A உட்கவர்திறன், C செறிவு. இரண்டாவது வரி அதையே திருப்பிப் போட்டது. தெரியாத தண்ணீருக்கு விடை தருவது இதுதான்.

இந்த இரண்டு எண்களுக்கும் வேதியியலில் பொருள் உண்டு. வெட்டுத்துண்டு, ஃப்ளோரைடு இல்லாதபோது மருந்துக்கு உள்ள முழுச் சிவப்பு. பிளாங்க் 0.601 காட்டியிருக்கிறது, கோடு 0.600 என்கிறது; இரண்டும் ஒத்துப்போகின்றன. சாய்வு, ஒவ்வொரு மில்லிகிராம் ஃப்ளோரைடும் அந்தச் சிவப்பிலிருந்து எவ்வளவைப் பறிக்கிறது என்பது. பரிசோதனையில் வரும் பிழைகள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் கெடுக்கும். எது கெட்டது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஓர் ஆழ்துளைக் கிணற்று நீரை எடுத்துக்கொள்வோம். மருந்து கலந்ததும் கருவி 0.214 காட்டுகிறது. கோட்டில் போட்டால் 1.93 வருகிறது. இந்த எண்ணை அறிக்கையில் எழுதக் கூடாது. நம்முடைய கடைசி ஸ்டாண்டர்டு 1.2, அதற்கப்பால் கோடு எப்படிப் போகிறது என்பதற்கு நம்மிடம் சாட்சி இல்லை. ஃப்ளோரைடு மேலும் மேலும் ஏறும்போது பறிப்பதற்குச் சிர்கோனியம் குறைந்துகொண்டே போகிறது, வெளுப்பும் மந்தமாகிறது. கோடு வளைந்து படுக்கத் தொடங்கும் இடம் அது. எனவே அதே தண்ணீரில் 25 மி.லி. எடுத்து, 25 மி.லி. வடிநீர் சேர்த்து, புதிதாக மருந்து கலந்து படிக்கிறோம். இப்போது 0.384. கோட்டின்படி 1.08, பாதியாக நீர்த்ததால் இரண்டால் பெருக்க 2.16. நீட்டிய கோடு 1.93 என்று சொன்னது இதைவிடக் குறைவு. நஞ்சைக் குறைத்துக் காட்டும் பிழை என்பதால் இந்தச் சோதனையில் கோட்டை நீட்டிப் படிப்பதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

கணினி தரும் R² 0.9996 என்று இருக்கிறதே, போதாதா என்று கேட்பார்கள். போதாது. லேசாக வளைந்த புள்ளிகளும் 0.99-க்கு மேல் எளிதாகத் தரும். அதைவிடப் பயனுள்ளது, ஒவ்வொரு புள்ளியும் கோட்டுக்கு மேலா கீழா என்று பார்ப்பது. நம் ஐந்தும் மேல், கீழ், மேல், கீழ், மேல் என்று மாறி மாறி வந்திருக்கின்றன, விலகலும் 0.002-ஐத் தாண்டவில்லை. இது கைப்பிழையின் இயல்பான சிதறல். இரு ஓரங்களும் மேலே, நடுவிலுள்ளவை எல்லாம் கீழே என்று அணிவகுத்தால் கோடு வளைகிறது என்று பொருள்.

இனி வெட்டுத்துண்டைக் கெடுக்கும் பிழை. இங்கே நிறமே மருந்திலிருந்து வருவதால், மருந்தை அளக்கும் பிப்பெட்டில் கை தவறினால் அது அப்படியே விடையில் ஏறும். 10 மி.லி.க்குப் பதில் 9.8 மி.லி. விழுந்தால், வடிநீரின் 0.600 சுமார் 0.590 ஆகிவிடும். 0.010-ஐச் சாய்வால் வகுத்தால் 0.05 மில்லிகிராம். தண்ணீரில் இல்லாத ஃப்ளோரைடு இது. மருந்து புதிதாகக் கரைக்கும் ஒவ்வொரு முறையும் கோட்டையும் புதிதாகப் போட வேண்டும் என்பதற்குக் காரணமும் இதுவே; சென்ற மாதத்துச் சிவப்பும் இன்றைய சிவப்பும் ஒன்றல்ல. குளோரின் செய்வதும் இதே வேலைதான். குழாய் நீரில் மிஞ்சிய குளோரின் சாயத்தை நேரடியாக வெளுக்கும், கருவி அதையும் ஃப்ளோரைடு கணக்கில் சேர்க்கும். அதனால்தான் மருந்து கலப்பதற்கு முன்னால் சோடியம் ஆர்செனைட் ஒரு துளி விட்டுக் குளோரினைப் போக்குகிறார்கள்.

சாய்வைக் கெடுப்பது அலுமினியம். ஃப்ளோரைடைச் சிர்கோனியத்துக்கு விடாமல் தானே பிடித்துக்கொள்கிறது. தண்ணீரில் ஃப்ளோரைடு இருக்கும், ஆனால் வெளுப்பு குறைவாக இருக்கும், விடையும் குறைவாக வரும். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. ஒரு தண்ணீர் 0.460 காட்டுகிறது, அதாவது 0.70. அதே தண்ணீரில் இன்னொரு 50 மி.லி. எடுத்து, 100 மில்லிகிராம் கரைசலில் 0.2 மி.லி. சேர்க்கிறோம், லிட்டருக்கு 0.40 கூடியாக வேண்டும், விடை 1.10 ஆக வேண்டும். கருவியோ 0.404 காட்டுகிறது, கணக்குப்படி 0.98 தான். நாம் போட்ட 0.40-இல் 0.28 மட்டும் திரும்பி வந்திருக்கிறது, 70 சதவீதம். அந்தத் தண்ணீருக்குள் வடிநீரில் போட்ட நம் கோட்டின் சாய்வு செல்லாது. முதலில் பார்த்த 0.70-ஐயும் நம்ப முடியாது. அப்போது தண்ணீரை அமிலத்தோடு காய்ச்சி வடித்து, ஃப்ளோரைடைப் பிரித்தெடுத்து மறுபடி படிப்பதே வழி.

ஆனால் இந்தச் சோதனை குளோரினைக் காட்டிக்கொடுக்காது. குளோரின் இரண்டு அளவீடுகளையும் ஒரே அளவு கீழே தள்ளும். கழித்துப் பார்த்தால் போட்ட 0.40 முழுதும் திரும்பி வந்ததாகவே தெரியும். நாகபுரியின் நீரி நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறையில் ஃப்ளோரைடை நீக்கப் படிகாரம், சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர் மூன்றையும் சேர்ப்பார்கள். படிகாரத்திலிருந்து அலுமினியமும் பிளீச்சிங்கிலிருந்து குளோரினும் நீரில் மிஞ்சலாம். ஒன்று விடையைக் குறைக்கும், மற்றொன்று கூட்டும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி, பார்வைக்கு நியாயமான ஓர் எண்ணைத் தந்துவிடவும் கூடும். சுத்திகரித்த நீரைச் சோதிக்கும்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

எல்லாம் சரியாக நடந்தாலும் விடையைச் சுற்றி ஒரு தடுமாற்றம் இருக்கும். நம் புள்ளிகளின் சிதறலை வைத்துக் கணக்கிட்டால் 1.08 என்பதில் திட்டப் பிழை சுமார் 0.013; இரண்டால் பெருக்கியபோது அதுவும் பெருகி 0.026 ஆகிறது. ஐந்து ஸ்டாண்டர்டு மட்டுமே இருப்பதால் 95 சதவீத உறுதியோடு சொல்வதென்றால் 2.16-க்கு இருபுறமும் ஏறக்குறைய 0.08 விட வேண்டும். 2.16 எப்படிப் பார்த்தாலும் 1.5-ஐத் தாண்டியது, அந்தக் கிணற்று நீர் குடிக்க ஆகாது என்பதில் ஐயமில்லை. 1.46 வந்திருந்தால் அப்படி எந்தத் தீர்ப்பும் சொல்ல முடியாது.

உங்கள் ஊர் நீருக்கு வந்த அறிக்கையில் 1.5-ஐ ஒட்டிய எண் இருந்தால் இன்னொரு முறை, பிளாஸ்டிக் பாட்டிலில் புதிதாக நீர் எடுத்துக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதிகம் என்று வந்தால் கொதிக்க வைத்துக் குடிக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். கொதித்தால் தண்ணீர்தான் வற்றும், ஃப்ளோரைடு அப்படியே தங்கும்.